ஈறுக்குக் கீழே உடைந்த பல்லைக் காப்பாற்றும் கிரவுன் லெங்தனிங்: நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

பல்லு ஈறுக்குள்ளேயே உடைஞ்சு போச்சு டாக்டர். பிடுங்கித்தான் ஆகணுமா?

எல்லாப் பல்லையும் பிடுங்க வேண்டியதில்லை. உடைந்த விளிம்பு ஈறுக்கு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த விளிம்பு தாடை எலும்புக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எலும்புக்குள் எவ்வளவு வேர் இருக்கிறது என்ற இரண்டு அளவுகளும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும்.

கிரவுன் லெங்தனிங் என்ற பெயரைக் கேட்டதும் பல்லை இழுத்து நீட்டுவோம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. பல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஈறையும் எலும்பையும் வேரின் நுனிப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்குகிறோம். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் அடுத்த படி தெரிகிறதல்லவா, அந்த மாதிரி உள்ளே மறைந்திருந்த நல்ல பல் வெளியே வரும். கேப்புக்குப் பிடி கிடைக்கும்.

ஒரு இடத்துல லேசர்ல ஈறை மட்டும் வெட்டிடலாம், தையலே வேண்டாம்னாங்க. அது போதாதா? ஏன் எலும்பைத் தொடணும்?

சிலருக்குப் போதும். பலருக்குப் போதாது. காரணம் ஈறுக்குள் ஒளிந்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் ஈறு பல்லோடு ஒட்டிய ஒரே சதை போலத் தெரியும். உள்ளே மூன்று கட்டு இருக்கிறது. மேலே, பல்லோடு ஒட்டாத சின்னப் பள்ளம்; பிரஷ்ஷின் நார் எட்டுவது அது வரைக்கும்தான். அதற்குக் கீழே மெல்லிய தோல் பல்லைப் பிடித்திருக்கும். அதற்கும் கீழே, எலும்புக்கு நேர் மேலே, நார்கள் வேருக்குள் தைத்தது போல இறங்கியிருக்கும். 1961இல் கார்ஜியுலோ, வென்ட்ஸ், ஆர்பன் என்ற மூவர் இறந்தவர்களின் தாடைகளை அளந்து சராசரி சொன்னார்கள்: பள்ளம் 0.69 மி.மீ., தோல் பிடிப்பு 0.97, நார்ப் பிடிப்பு 1.07. கடைசி இரண்டையும் கூட்டினால் 2 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் மாறினாலும், பள்ளத்தையும் சேர்த்து எலும்புக்கு மேலே சுமார் 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் கணக்குப் போடுகிறோம்.

இந்த இடத்தை உடம்பு யாருக்கும் விட்டுக்கொடுக்காது. கேப்பின் விளிம்பை அதற்குள் திணித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். எலும்பு தானாகக் கரைந்து ஒதுங்கி வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஈறு மாதக்கணக்கில் சிவந்து, தொட்டாலே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். முதலாவதை நாமே அளவோடு, வேண்டிய இடத்தில் மட்டும் செய்வதுதான் இந்த அறுவை சிகிச்சை.

சிலருக்கு ஈறு தடித்து வளர்ந்து, அதன் விளிம்பு எலும்பிலிருந்து 5 மி.மீ. வரை மேலே நிற்கும். அவர்களுக்கு ஈறை மட்டும் குறைத்தால் போதும், லேசரும் நல்ல வழிதான். எலும்பு பக்கத்திலேயே இருக்கும்போது ஈறை மட்டும் வெட்டினால் சில மாதங்களில் அது பழைய உயரத்துக்கே வளர்ந்து வந்து நிற்கும். செலவுதான் மிச்சம்.

பல்லு கொஞ்சம் வெளியே தெரியுதே. அதுக்குள்ள போஸ்ட் வச்சுக் கட்டி, மேல கேப் ஒட்டினா நிக்காதா?

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. போஸ்ட் என்பது வேருக்குள் இறக்கி ஒட்டும் சின்னத் தண்டு.

உலக்கையின் முனையில் பூண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையம். அது இருப்பதால்தான் ஆயிரம் குத்துக்கும் மரம் பிளக்காமல் இருக்கிறது. கேப்பும் பல்லுக்கு அப்படி ஒரு பூண்தான். அது பிடிக்க வேண்டியது சொந்தப் பல்லை. நாங்கள் ஃபில்லிங் பொருளால் கட்டி எழுப்பிய பகுதியை அல்ல. சுற்றிலும் குறைந்தது 1.5 மி.மீ., முடிந்தால் 2 மி.மீ. உயரத்துக்கு, ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனுள்ள நல்ல பல் கேப்புக்குள் இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதை ஃபெரூல் என்போம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் பூண் என்றுதான் பொருள்.

அது இல்லாமல் போஸ்ட்டை நம்பிக் கட்டினால் மெல்லும்போது வரும் விசை முழுவதும் போஸ்ட் வழியாக வேருக்குள் இறங்கும். முதலில் சிமென்ட் விடும். கேப் போஸ்ட்டோடு கழன்று கையில் வரும். அப்படிக் கழன்றால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கழலாமல் ஆப்பு போல இருந்து வேரை நீளவாக்கில் பிளந்துவிட்டால் அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை.

அப்ப எவ்வளவு எலும்பு எடுப்பீங்க? அதை எப்படி முடிவு பண்றீங்க?

ஒரு நோயாளியின் கணக்கையே சொல்கிறேன். 46 வயது ஆசிரியை. மேல்தாடை வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறிய பல். இரண்டு வருடம் முன்பு ரூட் கெனால் செய்துகொண்டார். கேப்பை அடுத்த லீவில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கோகுலாஷ்டமிக்குச் செய்த சீடை அந்த லீவுக்கு முன்னால் வந்துவிட்டது. அண்ணத்துப் பக்கப் பாதி பிளந்து, துண்டு ஈறோடு ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. கன்னத்துப் பக்கச் சுவர் நன்றாகவே இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டுத் துண்டை எடுத்தேன். பழைய ஃபில்லிங்கையும் அதன் அடியில் இருந்த சொத்தையையும் முழுதாகச் சுரண்டினேன். அளப்பதற்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும். சொத்தையை வைத்துக்கொண்டு அளந்தால் ஆபரேஷன் நடுவில் விளிம்பு இன்னும் 1 மி.மீ. கீழே போய், போட்ட திட்டம் எல்லாம் வீணாகும்.

பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறு வழியாக எலும்பு தட்டுப்படும் வரை இறக்கிப் பார்த்தேன். எக்ஸ்ரே இருக்கிறதே என்று கேட்கலாம். எக்ஸ்ரே பல்லின் முன்னும் பின்னும் உள்ள எலும்பைத்தான் காட்டும். அண்ணத்துப் பக்க எலும்பு பல்லின் நிழலுக்குள் மறைந்துவிடும். கம்பி சொன்னது: ஈறு விளிம்பிலிருந்து எலும்புக்கு 4 மி.மீ. உடைந்த விளிம்பு ஈறுக்கு 1.5 மி.மீ. கீழே. ஆக, எலும்புக்கு மேலே மிஞ்சியிருந்த நல்ல பல் 2.5 மி.மீ.

வேண்டியது? உடம்புக்கு 3, பூணுக்கு 1.5, மொத்தம் 4.5. கையில் இருப்பது 2.5. குறை 2 மி.மீ. அவ்வளவு எலும்பைத்தான் அண்ணத்துப் பக்கம் எடுக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எடுத்தால் பல் தாங்குமா என்பது. எக்ஸ்ரேயில் அவருக்கு எலும்புக்குள் 13 மி.மீ. வேர் இருந்தது. கேப்போடு சேர்த்து எலும்புக்கு வெளியே 9.5 மி.மீ. நிற்கும். 2 மி.மீ. எடுத்தபின் அந்தப் பக்கம் உள்ளே 11, வெளியே 11.5. ஏறக்குறைய சரிபாதி. கன்னத்துப் பக்கம் நான் கை வைக்கவே இல்லை என்பதால் அங்கே பழைய 13 அப்படியே இருந்தது. எலும்புக்குள் இருக்கும் பகுதி வெளியே நிற்பதற்குக் குறைந்தபட்சம் சமமாக இருக்கட்டும் என்பது எங்கள் எல்லைக்கோடு. இவர் அதை ஒட்டி நின்றார், ஒரு பக்கத்தில் மட்டும். செய்தேன்.

இதே பல் எலும்பு மட்டத்திலேயே உடைந்திருந்தால் குறை 4.5 ஆகியிருக்கும். உள்ளே 8.5, வெளியே 14. அதை நான் தொட்டிருக்க மாட்டேன்.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லு இதே மாதிரி உடைஞ்சிருக்கு. அவங்களுக்கும் இப்படிப் பண்ணலாமா?

கடைவாய்ப்பல்லில் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. அதற்கு ஒற்றை வேர் இல்லை. கீழ்ப்பல்லில் இரண்டு, மேல்பல்லில் மூன்று. மரக்கிளை பிரிவது போல வேர்கள் பிரியும் கவடு ஒன்று இருக்கும். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் கன்னத்துப் பக்கக் கவடு, பல்லின் கழுத்திலிருந்து சுமார் 3 மி.மீ. கீழேயே வந்துவிடும். ஆரோக்கியமான வாயில்கூட எலும்பு கழுத்துக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. கீழே தொடங்குகிறது. அப்படியானால் கவட்டை மூடியிருக்கும் எலும்பு 1 மி.மீ. சொச்சம்தான்.

அங்கே 2 மி.மீ. எடுத்தால் கவடு திறந்துகொள்ளும். பிரஷ் உள்ளே போகாது. சாப்பிட்டது தங்கும், சீழ் பிடிக்கும், சில வருடங்களில் கேப்பும் பல்லும் சேர்ந்தே போகும். ஒரு பல்லைக் காப்பாற்றுகிறேன் என்று ஆரம்பித்து நோயை உண்டாக்கிய கதை அது.

உடைந்த இடம் கவட்டுக்கு நேராக இல்லாமல் பல்லின் முன் ஓரத்திலோ பின் ஓரத்திலோ மட்டும் இருந்தால் வாய்ப்பு உண்டு. கவடு தாழ இருக்கும் நீண்ட கழுத்துப் பல் சிலருக்கு அமையும், அவர்களுக்கும் செய்யலாம். அம்மாவின் எக்ஸ்ரேயில் கவடு எங்கே, உடைப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமலே தேதி கொடுப்பவரிடம் இன்னொரு முறை யோசித்துப் போங்கள்.

எலும்பை எடுக்காம, விளிம்பை ஃபில்லிங் போட்டே மேல கொண்டுவரலாம்னு படிச்சேன்.

சரியான இடத்தில் அது நல்ல முறை. பல்லின் பெரும்பகுதி திடமாக இருந்து, ஒரு ஓரம் மட்டும் ஈறுக்குக் கீழே போயிருந்தால், அங்கே ஈரம் படாமல் தடுக்க முடிந்தால், பிசின் ஃபில்லிங்கால் அந்தத் தளத்தை உயர்த்தி மேலே மூடியைப் பொருத்துகிறார்கள். அந்த ஃபில்லிங்கும் உடம்புக்குச் சொந்தமான 2 மி.மீ.க்குள் போகக்கூடாது என்ற விதி இதற்கும் உண்டு. பூண் பிடிக்கச் சுவரே இல்லாத பல்லுக்கு இது உதவாது. ஃபில்லிங் எவ்வளவு உயர்ந்தாலும் அது பல் ஆகாது.

ஆபரேஷன் அன்னைக்கு என்ன பண்ணுவீங்க? முழு மயக்கம் குடுப்பீங்களா?

மயக்கம் இல்லை. பல் பிடுங்கும்போது போடும் அதே மரத்துப்போகும் ஊசிதான். அண்ணத்தில் போடும் ஊசி மட்டும் சுருக்கென்று வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியாது. ஒரு பல்லுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

ரூட் கெனால் தேவைப்படும் பல்லுக்கு அதை முதலில் முடித்துவிடுவது வழக்கம். உள்ளே காப்பாற்ற முடியாத பல்லுக்கு வெளியே எதற்கு ஆபரேஷன்?

அந்த ஆசிரியைக்குச் செய்ததையே சொல்கிறேன். கன்னத்துப் பக்க ஈறு கீழே தளர்வான சதையோடு தொடர்ந்து போவதால் அதை நகர்த்தி வைத்துத் தைக்கலாம். அண்ணத்து ஈறு அப்படியே எலும்போடு இறுகியது, நகராது. அதனால் எலும்பு எங்கே முடியப்போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஈறு விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளிப் பல்லின் வளைவை ஒட்டிக் கீற வேண்டும். கீறலைக் கூடுதலாகத் தள்ளிப் போட்டுவிட்டால் எலும்பு திறந்து கிடந்து ஆற நாளாகும். குறைத்துப் போட்டால் தடித்த ஈறு திரும்பவும் பல்லை மூடும். இந்த ஆபரேஷனில் கை நடுங்கக்கூடாத இடம் எலும்பை எடுக்கும் இடம் என்று பலர் நினைப்பார்கள். எனக்கு அது இந்த முதல் கீறல்தான்.

ஈறைத் திறந்து, வீங்கிய சதையைச் சுரண்டி எடுத்தபின் எலும்பு விளிம்பு கண்ணுக்குத் தெரியும். உருண்டை முனைக் கருவியால், சலைன் தண்ணீர் விட்டுக்கொண்டே எலும்பை மெலிய வைப்போம். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் எலும்பு செத்துவிடும். வேரை ஒட்டிய கடைசிப் படலத்தை மெஷினால் தொடுவதில்லை. கைச் சிற்றுளியால் உரித்தெடுப்போம். வேரில் ஒரு கீறல் விழுந்தால் அது ஆயுளுக்கும் இருக்கும். பிறகு அதே அளவுக் கம்பி. விளிம்பிலிருந்து எலும்பு வரை பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் வைத்து, எல்லாவற்றிலும் 4.5 வருகிறதா என்று பார்ப்போம்.

எலும்பை ஒரே இடத்தில் குழி போல விடக்கூடாது. இரு பக்கத்துக்கும் சரிவாக இழைத்துவிட வேண்டும். குழி இருந்தால் ஈறு அந்தக் குழியின் வடிவத்தைப் பின்பற்றாது, மேலேயே நின்று பை ஆகிவிடும். வெளிப்பட்ட வேரைச் சுத்தமாக வழித்து, ஈறைப் புதிய இடத்தில் வைத்துத் தையல். மேலே ஈறு நிறத்தில் மாவு போன்ற ஒரு பேக் வைப்பதும் உண்டு. அது இரண்டு நாளில் உதிர்ந்தாலும் பதறாதீர்கள்.

எத்தனை நாள் லீவு போடணும்? என்ன சாப்பிடறது?

பெரும்பாலோர் மறுநாளே வேலைக்குப் போகிறார்கள். தொண்டை கிழியப் பேசும் வேலையானால் இரண்டு நாள் ஓய்வு நல்லது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் அதிகமாகி அப்புறம் வடியும். முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்து வைத்து எடுங்கள். வலி மாத்திரையை மரப்பு விடும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வலி ஏறியபின் இறக்குவது கஷ்டம்.

இட்லி, தயிர் சாதம், ஆறிய கஞ்சி, குழைந்த பொங்கல். மிளகாய்ப்பொடி வேண்டாம். முறுக்கு, பொரி, வறுத்த கடலை இரண்டு வாரத்துக்கு வேண்டாம். அவற்றின் துணுக்கு தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் வேகமாகக் கொப்பளித்துத் துப்பாதீர்கள், ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும்.

தையல் உள்ள இடத்தில் பிரஷ் படக்கூடாது. அதற்குப் பதிலாக 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், 10 மி.லி., காலையும் இரவும் ஒரு நிமிடம், இரண்டு வாரம். பேஸ்ட் போட்டுப் பல் விளக்கிய அரைமணி நேரம் கழித்தே அதைப் பயன்படுத்துங்கள். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். பல்லில் பழுப்புக் கறை ஏறும், காபி குடித்தால் இன்னும் அதிகம். தையல் பிரித்தபின் பாலிஷ் செய்தால் போய்விடும். நாக்கில் ருசி மாறுவதும் தற்காலிகம்தான். தையல் ஏழு முதல் பத்து நாளில் பிரிக்கிறோம்.

எச்சில் ஒரு நாள் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம். ரத்தம் கட்டியாகத் திரண்டு வந்துகொண்டே இருந்தால், சுத்தமான துணியை நனைத்து மடித்து இருபது நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. அப்படியும் நிற்காவிட்டால் உடனே வாருங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் தெரிந்தாலோ தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

சுகர் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் போடறேன். அதை நிறுத்திட்டு வரட்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஒரு பல்லைச் சுற்றிய இந்த அளவு ரத்தக்கசிவைத் தையலும் அழுத்தமும் பெரும்பாலும் சமாளித்துவிடும். இதய ஸ்டென்ட் அடைத்தால் நான் சமாளிக்க முடியாது. மாத்திரைச் சீட்டைக் கொண்டுவாருங்கள், உங்கள் இதய மருத்துவரிடம் நாங்களே பேசுகிறோம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை வேண்டும். சுகருக்கு அன்றைய அளவு மட்டும் போதாது, மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையும் பார்ப்போம். அது கட்டுக்குள் வரும் வரை தற்காலிக ஃபில்லிங்கோடு காத்திருக்கலாம்.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அலென்ட்ரோனேட், ஸோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் இருக்கும்போது தாடை எலும்பைத் திறந்தால் சிலருக்கு அது ஆறாமல் போகும். வருடத்துக்கு ஒரு முறை போட்ட ஊசிதானே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு ஆறுவது தாமதமாகும். ஆபரேஷன் முடிந்த பத்து நாளாவது விட்டே ஆக வேண்டும்.

தையல் பிரிச்சதும் கேப் அளவு எடுத்துடலாமா? அடுத்த மாசம் வீட்ல கல்யாணம்.

கல்யாணத்துக்குத் தற்காலிகக் கேப் போட்டுத் தருகிறோம், போட்டோவில் தெரியாது. நிரந்தரக் கேப்புக்குப் பின்பல்லானால் ஆறு முதல் எட்டு வாரம், முன்பல்லானால் மூன்று முதல் ஆறு மாதம்.

தைத்த இடத்திலேயே ஈறு நின்றுவிடுவதில்லை. உடம்புக்குச் சொந்தமான அந்த 2 மி.மீ. பிடிப்பு புதிய எலும்பு மட்டத்துக்கு மேலே மறுபடி உருவாக வேண்டும். அதுவரை ஈறு விளிம்பு மேலே கீழே நகரும், தடித்த ஈறுள்ளவர்களுக்குக் கூடுதலாக மேலே ஏறும். இரண்டாம் வாரத்தில் அளவெடுத்து விளிம்பை ஈறோடு ஒட்டி வைத்தால், ஈறு இறங்கினால் உலோகக் கோடு வெளியே தெரியும். ஏறினால் விளிம்பு ஆழத்துக்குப் போய் முதலில் சொன்ன தொல்லை திரும்பவும் வரும். மெதுவாகக் கம்பியை ஓட்டினால் ரத்தம் வராமல் இருக்க வேண்டும், இரண்டு வார இடைவெளியில் அளந்தாலும் ஈறு அதே இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அளவு எடுப்பேன். ஆசிரியைக்கு ஏழாவது வாரம் எடுத்தோம்.

எனக்கு உடைஞ்சது முன்பல்லு. சிரிச்சா ஈறு தெரியும். இந்த ஆபரேஷன் பண்ணினா அசிங்கமா இருக்குமா?

ஒரே ஒரு முன்பல்லுக்கு இதைச் செய்தால் அந்தப் பல் மட்டும் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரியும், பற்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணம் விழும். அதற்காகப் பக்கத்துப் பற்களையும் சேர்த்து ஈறை இறக்கினால் நல்ல பற்களின் எலும்பைக் காவு கொடுக்கிறோம். நான் பெரும்பாலும் மறுத்துவிடுவேன்.

அங்கே வேறு வழி உண்டு. பல் சீரமைப்பு நிபுணர் பக்கத்துப் பற்களில் கம்பி கட்டி, உடைந்த வேரை மெல்ல வெளியே இழுப்பார், வாரத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. எலும்பும் ஈறும் கூடவே வந்துவிடாமல் இருக்க நார்களை அவ்வப்போது அறுத்துவிட வேண்டும். வேண்டிய அளவு வந்தபின் இரண்டு மூன்று மாதம் அசையாமல் கட்டி வைக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும்.

இதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. அந்த ஆசிரியையின் பல்லை 2 மி.மீ. இழுத்திருந்தால் எலும்புக்குள் அதே 11தான் மிஞ்சியிருக்கும். ஆனால் வெளியே நிற்பது 9.5 ஆகவே இருந்திருக்கும், ஏனென்றால் எலும்பு இறங்கவில்லை. பக்கத்துப் பல்லையும் தொட்டிருக்க மாட்டோம். அவரிடம் இதைச் சொன்னேன். நான்கு மாதம் கம்பியோடு வகுப்பெடுக்க முடியாது என்று அவர்தான் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார்.

ஆபரேஷன் பண்ணின பல்லு நல்லா இருக்கு, ஆனா பக்கத்துப் பல்லு ஐஸ் வாட்டர் பட்டா கூசுது.

எலும்பைச் சரிவாக இழைத்தோம் என்று சொன்னேனே, அந்தச் சரிவு பக்கத்துப் பல்லின் ஓரத்திலும் கொஞ்சம் முடியும். அதன் வேர் அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். ரூட் கெனால் செய்த பல்லுக்குக் கூச்சம் தெரியாது, உயிருள்ள பக்கத்துப் பல்லுக்குத் தெரியும். கூச்சத்துக்கான பேஸ்ட்டை விரலால் தடவி விடுங்கள், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் வார்னிஷ் பூசலாம்.

கூச்சத்தைவிட நான் கவனிக்கச் சொல்வது இடைவெளியை. பல்லுக்கு நடுவே முன்பு ஈறு நிறைந்திருந்த இடம் இப்போது திறந்திருக்கும், வெண்டைக்காய் நார் வரை எல்லாம் போய்த் தங்கும். பல்குச்சியால் குத்தாமல், இடைவெளிக்கென்று விற்கும் சின்னப் பிரஷ்ஷை தினமும் இரவில் ஒரு முறை விட்டு எடுங்கள்.

ஆபரேஷன் எதுவும் இல்லாம எனக்குக் கேப் போட்டுட்டாங்க. எட்டு மாசமா அந்த இடத்துல ஈறு சிவந்தே இருக்கு. எத்தனை தடவை க்ளீன் பண்ணினாலும் போகலை.

வாயில் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்து அந்த ஒரு கேப்பைச் சுற்றி மட்டும் ஊதா கலந்த சிவப்பு, பிரஷ் பட்டால் ரத்தம், அழுத்தினால் மந்தமான வலி என்றால், அழுக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. மரத்துப்போக வைத்து, கேப் விளிம்பிலிருந்து எலும்பு வரை அளக்கச் சொல்லுங்கள். 2 மி.மீ.க்கும் குறைவாக வந்தால் விளிம்பு தன் இடத்தைத் தாண்டி இறங்கியிருக்கிறது. சிமென்ட் துணுக்கு உள்ளே தங்கியிருப்பதும், உலோக ஒவ்வாமையும் இதே போலக் காட்டும் என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டும். விளிம்புதான் காரணம் என்றால் இப்போதும் எலும்பைச் சரிசெய்யலாம், சில சமயம் பழைய கேப்பையே வைத்துக்கொள்ளவும் முடியும்.

எப்ப "இதை விட்டுடுங்க, பிடுங்கிடலாம்"னு சொல்வீங்க?

வேர் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தால். பல்லைச் சுற்றி எல்லா இடத்திலும் கம்பி 2, 3 மி.மீ. காட்ட, ஒரே ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று 8, 9 என்று இறங்கினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிப் பக்கவாட்டில் ஏறும் கறுப்பு நிழல் இன்னொரு அடையாளம். ஈறைத் திறந்து பார்க்கும்போதுதான் விரிசல் தெரிகிற சமயமும் உண்டு. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே, விரிசல் இருந்தால் அன்றே எடுத்துவிடலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கிவைப்பேன்.

மற்றபடி, மேலே சொன்ன கணக்கில் வேர் குட்டையாக வந்தால், கவடு திறந்தால், பல் ஏற்கெனவே ஆடினால். அப்போது பிரிட்ஜோ இம்பிளான்ட்டோ பேசுவோம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர் மாறுவதால் தொகை சொல்லிப் பயனில்லை. ஆபரேஷன், ரூட் கெனால், போஸ்ட்டும் உள்கட்டும், கேப் என நான்கு பில் வரும். முதல் பில்லை மட்டும் கேட்டுவிட்டு இம்பிளான்ட்டோடு ஒப்பிடாதீர்கள், நான்கையும் கூட்டிக் கேளுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஈறு நோய்ப் பிரிவிலேயே இதைச் செய்கிறார்கள். செலவு மிகக் குறைவு, நடைதான் அதிகம்.

இன்னைக்குத்தான் உடைஞ்சது. துண்டு ஈறோட ஒட்டி ஆடிக்கிட்டு இருக்கு. நானே பிடுங்கிடவா?

வேண்டாம். துண்டு ஆழத்தில் நார்களோடு பிடித்திருக்கும். இழுத்தால் ஈறு கிழியும், கூடவே நல்ல பல்லும் சேர்ந்து பெயரலாம். ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அதைச் சுரண்டியதில் காப்பாற்றியிருக்க வேண்டிய பல்லில் கொஞ்சம் போனது.

அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். துண்டு தானாக விழுந்தால் கழுவி ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள், விளிம்பு எந்த வடிவில் உடைந்தது என்று அது சொல்லும். ஒரு வாரத்துக்குள் வாருங்கள். தள்ளிப்போட்டால் உடைந்த விளிம்பின் மேல் ஈறு வளர்ந்து மூடிக்கொள்ளும், அடியில் சொத்தை இறங்கும். இன்று 2 மி.மீ. குறைவாக இருக்கும் பல் மூன்று மாதம் கழித்து 4 மி.மீ. குறைவாக வந்து உட்காரும்.